வட்டி குறைந்தும் வீட்டுக்கடன் பத்திரம் ஏன் ஏறுவதில்லை?

கேள்வி: "வட்டி விகிதம் குறைந்தால் பத்திர விலை ஏறும் என்கிறார்கள். வீட்டுக்கடன்களை ஈடாக வைத்த பத்திரம் மட்டும் ஏன் அந்த அளவுக்கு ஏறுவதில்லை?"

கடன் வாங்கியவர் எப்போது வேண்டுமானாலும் அசலை முன்கூட்டியே அடைக்கலாம் என்பதுதான் காரணம். வட்டி இறங்கியதும் அவர் மலிவான புதுக்கடன் எடுத்துப் பழையதை முடித்துவிடுவார். அந்த அசல் முகமதிப்பிலேயே உங்களிடம் திரும்பிவிடும்.

6% வட்டி தரும் 10 ஆண்டுச் சாதாரணப் பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். சந்தை வட்டி 4% ஆனால், 100-ஆக இருந்த அதன் விலை சுமார் 116 ஆகும். பத்தாண்டுக்கும் 6% உறுதி என்பதால் அந்த விலை கிடைக்கிறது. வீட்டுக்கடன் பத்திரத்தில் அந்த உறுதி இல்லை. அதை 106 கொடுத்து வாங்கி, ஒரே ஆண்டில் எல்லாரும் கடனை அடைத்துவிட்டால், வட்டி 6, அசல் 100, மொத்தம் 106தான் கையில் வரும். லாபம் பூஜ்யம். அப்புறம் அந்தப் பணத்தை 4 சதவீதத்தில்தான் மறுபடி போட முடியும். இது தெரிந்தே சந்தை அதற்கு அதிக விலை தருவதில்லை.

எல்லாரும் ஒரேயடியாக அடைப்பதில்லை என்பதும் உண்மை. முன்னடைப்புக் கட்டணம், சிறிய கடன் பாக்கி போன்றவை வேகத்தைக் குறைக்கும். ஆகவே வாங்குமுன் முதிர்வுத் தேதியைவிட, அடியில் உள்ள கடன்களின் வட்டி இன்றைய வட்டியைவிட எவ்வளவு அதிகம் என்று பாருங்கள். இடைவெளி கூடக் கூட முன்னடைப்பும் கூடும்.