ஆயுத பூஜை வாரத்தில் ரிலீஸ் ஃப்ரீஸ்: முதலில் யாருமே இல்லாத நாளைத் தேடுங்கள்

கேள்வி: "எங்கள் டீம் சேலம், ஜெர்மனி, சீனா என்று மூன்று இடங்களில் இருக்கிறது. பண்டிகை விடுமுறை நீளமாக வரும்போது ரிலீஸ் ஃப்ரீஸை எந்தத் தேதியில் தொடங்குவது, யாரைப் பொறுப்பில் வைப்பது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?"

உங்கள் நிறுவனத்திலும் தலைமை அலுவலகம் ஐரோப்பாவில் இருக்கும் என்றும், விடுமுறைத் திட்டத்தை அங்கிருந்தே ஒருவர் தயாரித்து அனுப்புகிறார் என்றும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எங்கள் டீமும் இதே மூன்று நாடுகளில்தான் இருக்கிறது; சேலம் பகுதியின் ரிலீஸ்களை ஒருங்கிணைப்பது என் வேலை. கிடங்குகளுக்கான மென்பொருள் ஒன்றை நடத்துகிறோம். அதைப் பயன்படுத்துபவர்கள் பெரும்பாலும் நெதர்லாந்திலும் போலந்திலும் இருக்கிறார்கள்.

2025 அக்டோபரை எடுத்துக்கொள்ளுங்கள். சீனாவில் தேசிய தின விடுமுறையும் நிலா விழாவும் சேர்ந்து அக்டோபர் 1 முதல் 8 வரை விடுமுறை. நமக்கு 1ஆம் தேதி ஆயுத பூஜை, 2ஆம் தேதி விஜயதசமியும் காந்தி ஜயந்தியும். ஜெர்மனியில் 3ஆம் தேதி ஒருங்கிணைப்பு தினம். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த திட்டத்தில் "அக்டோபர் 1 முதல் 8 வரை ஃப்ரீஸ், 3ஆம் தேதி இந்தியா பொறுப்பு" என்று இருந்தது. 3ஆம் தேதி வெள்ளிக்கிழமை என்பதும், அந்த ஒரு நாள் விடுப்பு எடுத்தால் சேலத்தில் ஐந்து நாள் தொடர் விடுமுறை கிடைக்கும் என்பதும் அதைத் தயாரித்தவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இங்கே ஒருவர் வீட்டில் சங்ககிரியில் லாரி ஓடுகிறது, இன்னொருவர் வீட்டில் இளம்பிள்ளையில் தறி ஓடுகிறது. தீபாவளிக்குக்கூட ஊருக்குப் போகாமல் இருப்பார்கள், ஆயுத பூஜைக்குப் போகாமல் இருக்க மாட்டார்கள்.

ஆகவே முதல் வேலை, ஒவ்வொரு நாளுக்கும் நேராக மூன்று இடங்களையும் எழுதி, எந்த நாளில் ஒருவருமே இல்லை என்று பார்ப்பது. 1, 2 தேதிகளில் ஜெர்மனி இருக்கிறது. 6, 7, 8 தேதிகளில் ஜெர்மனியும் நாமும் இருக்கிறோம். 3ஆம் தேதி மட்டும் மூன்று கட்டமும் காலி. அதைத் தொடர்ந்து சனி, ஞாயிறு வருகின்றன. ஆனால் நெதர்லாந்துக்கும் போலந்துக்கும் அந்த 3ஆம் தேதி வழக்கமான வேலை நாள். எட்டு நாள் ஃப்ரீஸில் உண்மையான அபாயம் இந்த ஒரு நாளில்தான் இருந்தது. மீதி நாட்களைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை.

அடுத்து, விடுமுறை நாட்காட்டியில் தெரியாத வேலை நாட்கள். சீனாவில் நீண்ட விடுமுறைக்கு ஈடாகச் சில வார இறுதி நாட்கள் வேலை நாட்களாக அறிவிக்கப்படுகின்றன. 2025இல் செப்டம்பர் 28 ஞாயிறும் அக்டோபர் 11 சனியும் அப்படி அறிவிக்கப்பட்டவை. அந்த ஞாயிறன்று சீனாவில் இருக்கும் சக ஊழியர், விடுமுறைக்கு முன் வேலையை முடித்துவிட வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடு ரிலீஸ் செய்தால், அதைக் கவனிக்க மற்ற இரு நாடுகளிலும் யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் எங்கள் ஃப்ரீஸை அக்டோபர் 1க்கு மாறாக, செப்டம்பர் 25 வியாழன் மாலையில் தொடங்க வைத்தேன். 26, 29, 30 ஆகிய மூன்று நாட்களும் எல்லோரும் மேசையில் இருக்கும் நாட்கள். கடைசி ரிலீஸில் ஏதேனும் கோளாறு இருந்தால் அதை எழுதியவர் இருக்கும்போதே அது வெளிப்பட வேண்டும். (30ஆம் தேதி மாலை எங்கள் அலுவலகத்தில் ஆயுத பூஜை, பொரி கடலை கொடுக்கும் நேரத்தில் யாரையும் நம்ப வேண்டாம்.)

இந்த மூன்று நாட்களும் போதாத ஒரு வகை மாற்றம் உண்டு. மாத இறுதிக் கணக்கைத் தொடும் நிரல், 25ஆம் தேதி வெளியானாலும், முதன்முதலாக ஓடுவது 1ஆம் தேதி அதிகாலையில்தான். அதாவது விடுமுறையின் முதல் நாளில். எங்கள் ரிலீஸிலும் பில் போடும் பகுதியில் அப்படி ஒரு மாற்றம் இருந்தது. ஜெர்மனியில் அதை எழுதியவர் சோதனையெல்லாம் முடிந்துவிட்டது என்று வாதிட்டார். அவர் திறமையில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் அதை ரிலீஸிலிருந்து எடுத்து அக்டோபர் நடுப்பகுதிக்குத் தள்ளச் சொன்னேன். அதேபோல, தரவுத்தளத்தில் ஒரு பத்தியையோ அட்டவணையையோ நீக்கும் மாற்றமும் ஃப்ரீஸுக்கு முந்தைய ரிலீஸில் இருக்கக் கூடாது. நீக்கிய பத்தியைப் பழைய நிரல் தேடும். அப்போது ரோல்பேக் செய்தாலும் பயனில்லை.

இனி, யாரைப் பொறுப்பில் வைப்பது என்பது. பெயரை எழுதிவிட்டால் பொறுப்பு வந்துவிடாது. ஒவ்வொரு சர்வீஸுக்கும், அதை எழுதியவரின் உதவியில்லாமல் ரீஸ்டார்ட், ரோல்பேக் இரண்டையும் செய்யக்கூடியவர் யார் என்று கேட்க வேண்டும். 3ஆம் தேதிக்கு எங்கள் டீமில் ஒரு பெண் தானாக முன்வந்தார். ஏற்காட்டுக்கு மேலே ஒரு கிராமத்தில் அவர் வீடு; மழை வந்தால் அங்கே மின்சாரமும் இணையமும் சேர்ந்து போகும் என்பதால், அன்று மட்டும் சேலத்தில் சித்தி வீட்டில் இருந்துகொள்வதாக அவரே ஏற்பாடு செய்துகொண்டார். செப்டம்பர் 24 அன்று அவரை ஒத்திகை பார்க்கச் சொன்னேன். சீன டீமின் சரக்கு இருப்பு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய முயன்றபோது அனுமதி இல்லை என்று வந்தது. அந்த அனுமதியைக் கொடுக்கக்கூடிய இருவருமே சீனாவில் இருப்பவர்கள். இது 3ஆம் தேதி மதியம் தெரிந்திருந்தால் 9ஆம் தேதி வரை எதுவும் நடந்திருக்காது. ஒத்திகையிலேயே தெரிந்ததால் விடுமுறைக்கு முன்பே அனுமதியை வாங்கிவிட்டோம். உண்மையில் 3ஆம் தேதி மதியம் அதே சர்வீஸின் கியூ நின்றது. அலர்ட் வந்ததும் அவர் ரீஸ்டார்ட் செய்தார். போலந்துக் கிடங்கில் வேலை தடைபடவில்லை.

அதே ஒத்திகை நாளில், ஃப்ரீஸ் காலத்தில் காலாவதியாகும் சான்றிதழ் ஏதேனும் உண்டா என்றும் பார்த்துவிடுங்கள். பின்வரும் கட்டளை, 14 நாட்களுக்குள் முடிகிறதா என்று சொல்லும். `example.com` இருக்கும் இடங்களில் உங்கள் சர்வர் பெயரை இடுங்கள்.

```
openssl s_client -connect example.com:443 -servername example.com </dev/null | openssl x509 -noout -checkend 1209600
```

தினமும் பல முறை ரிலீஸ் செய்யும் நிறுவனங்களில் இருப்பவர்கள், ஃப்ரீஸ் என்பதே பழங்காலப் பழக்கம் என்று இங்கே வந்து எழுதக்கூடும். தானாக ரோல்பேக் ஆகும் ஏற்பாடும், இருபத்து நான்கு மணி நேரமும் ஆட்களும் இருக்கும் இடத்துக்கு அது சரியாக இருக்கலாம். நான் சொல்வது பத்துப் பேருக்கு உட்பட்ட டீம்களுக்கு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கிறிஸ்துமஸுக்கு யாரும் கேட்காமலேயே ஃப்ரீஸ் அறிவிக்கப்படுகிறது. ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் மட்டும் நாங்கள் ஒவ்வொருவராக விடுப்புக் கடிதம் எழுதிக் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு வரும் உள்ளூர் விடுமுறையை மாவட்ட ஆட்சியர் அறிவிக்கிறார். எந்த நாட்டின் நாட்காட்டியிலும் அது வராது. இவற்றை ஆண்டுத் தொடக்கத்திலேயே பொது அட்டவணையில் ஏற்றுங்கள். 3ஆம் தேதி வேலை பார்த்தவருக்கு, தீபாவளிக்கு மறுநாளான அக்டோபர் 21 அன்று ஈடு விடுப்பு என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கி வைத்தேன்.

ஃப்ரீஸ் முடியும் நாளிலும் கவனம் வேண்டும். 9ஆம் தேதி எல்லோரும் திரும்பினாலும், இரண்டு வாரமாகச் சேர்ந்துகிடந்த மாற்றங்களை ஒரே ரிலீஸாக விட்டால், கோளாறு எதிலிருந்து வந்தது என்று பிரித்தறிய முடியாது. 10ஆம் தேதி வெள்ளி. 11ஆம் தேதி சீனாவுக்கு மட்டும் வேலை நாள். 20ஆம் தேதி திங்கள் தீபாவளி. கணக்குப் பார்த்தால் பாதுகாப்பாக ரிலீஸ் செய்ய 13, 14, 15 தேதிகள் மட்டுமே கிடைத்தன. அந்த மூன்று நாட்களில் எதை விடுவது, எதைத் தீபாவளிக்குப் பிறகு தள்ளுவது என்பதைச் செப்டம்பரிலேயே முடிவு செய்திருந்தோம்.

இந்தத் தேதிகளை அடுத்த ஆண்டுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 2026இல் ஆயுத பூஜை அக்டோபர் 19, விஜயதசமி 20, தீபாவளி நவம்பர் 8. சீனாவின் தேசிய தின விடுமுறை அதற்குள் முடிந்திருக்கும்; 19, 20 தேதிகளில் மற்ற இரு நாடுகளும் வேலையில் இருக்கும். அந்த வாரம் முழு ஃப்ரீஸ் தேவைப்படாது. சேலம் டீம் எழுதிய சர்வீஸ்களை மட்டும் 15ஆம் தேதி வியாழன் மாலை நிறுத்தினால் போதும்.