கொள்முதல் ஆணை, சரக்கு வரவுச் சீட்டு, இன்வாய்ஸ்: மூன்றும் ஒத்துப்போகாதபோது பணம் தரலாமா?

கேள்வி: புதுச்சேரி சேதராப்பட்டில் அட்டைப்பெட்டி தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கடலூரிலிருந்து டிரம் கணக்கில் ஒட்டுப் பசை வாங்குகிறோம். ஆர்டரில் கிலோ, ஸ்டோர்ஸ் சீட்டில் டிரம், பில்லில் வேறு தொகை என்று ஒவ்வொரு முறையும் ஒன்று இடிக்கிறது. பணம் நிறுத்தினால் சப்ளையர் சிறு நிறுவனம் என்று சட்டம் பேசுகிறார். எவ்வளவு வித்தியாசம் வரை விடலாம், எதற்கு நிறுத்த வேண்டும்?

பதில்: எவ்வளவு விடலாம் என்பதைப் பார்ப்பதற்கு முன் உங்கள் ஸ்டோர்ஸில் சரக்கு வரவுச் சீட்டு எதைப் பார்த்து எழுதப்படுகிறது என்று கேட்டுப் பாருங்கள். லாரி ஓட்டுநர் நீட்டும் டெலிவரி சலானையோ இன்வாய்ஸையோ பார்த்து அளவை நகலெடுப்பதுதான் பல இடங்களில் வழக்கம். அப்படி எழுதப்பட்ட சீட்டு இன்வாய்ஸோடு எப்போதும் ஒத்துப்போகும். ஆனால் அது சப்ளையரின் தாளைச் சப்ளையரின் தாளோடு ஒப்பிட்டதற்குத்தான் சமம்; மூன்று ஆவணங்கள் இருப்பதுபோல் தோன்றினாலும் உண்மையில் இருப்பவை இரண்டே. கொள்முதல் ஆணை வாங்குபவர் கையிலிருந்தும், வரவுச் சீட்டு எண்ணியவர் கையிலிருந்தும், இன்வாய்ஸ் விற்றவர் கையிலிருந்தும் தனித்தனியே பிறந்தால்தான் ஒன்றின் பிழையை மற்றொன்று காட்டிக்கொடுக்கும். ஆகவே இறக்கும் இடத்திற்குப் போகும் ஆணை நகலில் பொருளின் பெயரும் அலகும் மட்டும் இருக்கட்டும், அளவுக் கட்டம் வெற்றாக இருக்கட்டும். எண்ணியபின்தான் அதில் எண் ஏற வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்த்துவிடலாம். 2,000 கிலோ பசை, கிலோ 120 ரூபாய், உங்கள் வாசல் வரை கொண்டுவந்து சேர்க்கும் விலை என்று ஆணை போகிறது. 50 கிலோ கொண்ட 40 டிரம்கள் வருகின்றன. மாலையில் இறக்கியவர் 40 என்று எண்ணி எழுதுகிறார். அந்த எண் சரியானதே. மறுநாள் காலை தரம் பார்ப்பவர் வரும்போது இரண்டு டிரம்களின் மூடி வளையம் நெகிழ்ந்து, பக்கவாட்டில் பசை வழிந்து காய்ந்திருக்கிறது. திறந்தால் மேலே பாலாடைபோல் தோல் கட்டியிருக்கிறது. நீர் சேர்ந்த பசைக்குள் காற்றுப் புகுந்தால் இப்படித்தான் ஆகும். வழிந்தது சில கிலோதான் என்றாலும் அந்த இரண்டு டிரம்களையும் இயந்திரத்தில் ஊற்ற முடியாது. ஆக ஏற்றுக்கொண்டது 38 டிரம், அதாவது 1,900 கிலோ.

இன்வாய்ஸில் 2,000 கிலோ, கிலோ 123 ரூபாய், தனியாக லாரி வாடகை 3,500 ரூபாய் என்று இருக்கிறது. கூட்டினால் 2,49,500 ரூபாய். வரி 18 விழுக்காடு எனக் கொண்டால் 44,910 சேர்ந்து 2,94,410 ரூபாய். நீங்கள் தர வேண்டியதோ 1,900 கிலோவுக்கு 120 ரூபாய் வீதம் 2,28,000, வரி 41,040, ஆக 2,69,040 ரூபாய். வித்தியாசம் 25,370 ரூபாய். இதை ஒரே தொகையாகப் பார்த்துக்கொண்டிருந்தால் சப்ளையரோடு தொலைபேசியில் வாதாடத்தான் முடியும். பிரித்துப் பார்த்தால் விலை ஏற்றத்தில் 6,000, வாடகையில் 3,500, மறுத்த சரக்கில் 12,000 என்று மூன்றாகிறது, மீதி 3,870 அவற்றின் மேல் ஏறிய வரி. இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் வெவ்வேறு ஆட்கள்.

விலை வித்தியாசத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஆணை போட்டவர். கணக்குப் பிரிவு இதில் பேரம் பேசக் கூடாது. மூலப்பொருள் விலை ஏறியதென்று சப்ளையர் சொல்லி, உங்கள் கொள்முதல் மேலாளர் வாய்மொழியாகத் தலையாட்டியிருக்கலாம். அப்படியானால் சரக்கு அனுப்பப்படுவதற்கு முந்தைய தேதியிட்ட திருத்த ஆணை இருக்க வேண்டும். இன்வாய்ஸ் வந்தபிறகு அதற்கேற்ப ஆணையைத் திருத்தி மூன்றையும் ஒத்துப்போகச் செய்வதைப் பல அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன். இந்தப் பழக்கத்தைவிட ஒப்பிடாமலே பணம் தருவது மேல் என்பது என் கருத்து, ஏனெனில் குறைந்தது கோப்பாவது பொய் சொல்லாது. திருத்தப்பட்ட ஆணைகளின் பட்டியலை மாதம் ஒருமுறை எடுத்து, திருத்திய தேதியை இன்வாய்ஸ் தேதிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யார் எப்போது எதைச் சரிக்கட்டுகிறார் என்பது தெரிந்துவிடும்.

வாடகை இன்வாய்ஸில் மட்டும் முளைக்கும் ஒரு பதிவு. வரவுச் சீட்டில் அதற்கு இடமே இல்லை என்பதால் ஒப்பிட எதுவும் இல்லாமல் நழுவிப் போகிறது. ஆணையிலேயே வாடகையும் இறக்குக்கூலியும் யார் பொறுப்பு என்று தனி வரியாக எழுதிவிட்டால், பூஜ்யம் என்ற எண்ணோடு ஒப்பிட்டாவது பிடிக்கலாம்.

மூன்றாவதான அளவுக் குறைவுதான் கூடுதல் கவனம் கேட்பது. வரவுச் சீட்டில் வந்தது, ஏற்றது, மறுத்தது என்று மூன்று கட்டங்கள் வேண்டும், கிலோவும் டிரம்மும் இரண்டுமே எழுதப்பட வேண்டும். ‘40 டிரம்’ என்று மட்டும் எழுதி, ஒரு டிரம் எத்தனை கிலோ என்பதைக் கணினி தானாகப் பெருக்கிக்கொள்ள விட்டால், 45 கிலோ டிரம் வரும் நாளில் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு லோடிலும் சில டிரம்களையாவது மேடைத் தராசில் ஏற்றி, வெற்று டிரம்மின் எடையைக் கழித்து, நிகர எடையைச் சீட்டில் குறிக்கச் சொல்லுங்கள். லாரி ஏறும் எடை மேடைச் சீட்டை இதற்கு நம்ப வேண்டாம். அந்த மேடைகள் பொதுவாக 5, 10 அல்லது 20 கிலோ படிகளாகவே காட்டும் என்பதால் ஒரு டிரம்மில் குறையும் 2 கிலோ அதில் தெரியாது. தொட்டி லாரியில் மொத்தமாக வரும் சரக்குக்குத்தான் அது பொருந்தும்.

இனி சப்ளையர் பேசும் சட்டம். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006-இன்படி, குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவு பெற்ற சப்ளையருக்கு எழுத்து மூல ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், எப்படியும் 45 நாளுக்கு மிகாமல், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி வீதத்தைப்போல் மூன்று மடங்கு, அதுவும் மாதம்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். நாள் எங்கிருந்து எண்ணப்படுகிறது என்பதில்தான் உங்களுக்கு விடை இருக்கிறது. சரக்கு வந்து 15 நாளுக்குள் நீங்கள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தால், சப்ளையர் அந்தக் குறையைத் தீர்த்த நாளிலிருந்து எண்ணிக்கை தொடங்கும். தெரிவிக்காவிட்டால் சரக்கு வந்த நாளே ஏற்றுக்கொண்ட நாளாகிவிடும். தொலைபேசியில் சொன்னதும் சீட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதியதும் ஆட்சேபம் ஆகாது. வரவுச் சீட்டின் எண், மறுத்த டிரம்களின் தொகுதி எண், புகைப்படம், ஒவ்வொரு வித்தியாசத்தின் தொகை ஆகியவற்றோடு ஒரு மின்னஞ்சலாவது போக வேண்டும்.

ஆட்சேபம் எழுதிவிட்டோம் என்று முழுத் தொகையையும் நிறுத்திவைக்காதீர்கள். தகராறு இல்லாத 2,69,040 ரூபாயை உரிய நாளில் கொடுத்துவிட்டு, 25,370-ஐ மட்டும் தனியாக நிறுத்துங்கள். சிறு நிறுவனங்களுக்கு உரிய நாள் தாண்டிய பாக்கியை, கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும் என்று 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரியிலும் விதி வந்திருப்பதால், மார்ச் மாதத்தில் இது உங்கள் கையையும் சுடும்.

நிறுத்திய தொகைக்கு உங்கள் பக்கத்திலிருந்து டெபிட் நோட் எழுதினால் கணக்கு சரியாகும், ஜிஎஸ்டி சரியாகாது. சட்டப்படி வரியைக் குறைக்க, சப்ளையர்தான் கிரெடிட் நோட் வெளியிட வேண்டும். அதை அந்த நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30-க்குள் அவர் தம் கணக்கில் காட்டியாக வேண்டும். அதுவரை, நீங்கள் எடுக்கக்கூடிய வரி வரவைக் காட்டும் ஜிஎஸ்டி அறிக்கையான GSTR-2B-இல் 44,910 ரூபாய் முழுதாகவே தெரியும். அதைப் பார்த்து முழுவதையும் வரவு எடுக்காமல், நீங்கள் ஒப்புக்கொண்ட சரக்குக்குரிய 41,040-ஐ மட்டும் எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது. இன்வாய்ஸ் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராத பகுதிக்கு எடுத்த வரவை எப்படியும் வட்டியோடு திருப்ப வேண்டிவரும்.

உங்கள் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. கடலூருக்கும் சேதராப்பட்டுக்கும் இடையே சிறு பயணம்தான் என்றாலும் வரிக்கு அது மாநிலம் விட்டு மாநிலம். சப்ளையரின் ஜிஎஸ்டி பதிவெண் 33 என்றும் உங்களுடையது 34 என்றும் தொடங்குவதால் ஐஜிஎஸ்டி-தான் வர வேண்டும். கடலூர்ப் பக்கம் உங்களுக்கு ஒரு கிடங்கு இருந்து அதற்கு 33-இல் தொடங்கும் பதிவு இருந்தால், சப்ளையரின் கணினி பழைய முகவரியை எடுத்து, ஒரே மாநிலத்துக்குள் நடந்த விற்பனைபோல சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பிரித்துப் போட்டுவிடும். விழுக்காடு ஒன்றே என்பதால் மொத்தத் தொகை ஒரு ரூபாய்கூட மாறாது, ஒப்பிடுபவர் கையெழுத்திட்டுவிடுவார். ஆனால் அந்த வரவு சேதராப்பட்டுப் பதிவுக்குக் கிடைக்காது. ஆணையில் எந்தப் பதிவெண்ணுக்கு, எங்கே சரக்கு என்று எழுதி, இன்வாய்ஸில் முதலில் அந்த இரண்டு இலக்கங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். இதற்குப் பகுதி நிறுத்தம் போதாது. இன்வாய்ஸையே திருத்தி வாங்க வேண்டும்.

இப்போது எவ்வளவு விடலாம் என்பதற்கு வருகிறேன். இவ்வளவு வித்தியாசம் வரை விடலாம் என்ற சலுகையை மொத்தத் தொகையின்மேல் வைக்காதீர்கள். மேலே சொன்ன ஆணைக்கே 1,900 கிலோ, கிலோ 126 ரூபாய் என்று இன்வாய்ஸ் வந்தால் மதிப்பு 2,39,400. ஆணையின் 2,40,000-க்கு 600 ரூபாய்தான் குறைவு. அரை விழுக்காடு சலுகை வைத்த கணினி இதைத் தயங்காமல் விட்டுவிடும், ஆனால் கிலோவுக்கு 6 ரூபாய் வீதம் 11,400 ரூபாய் கூடுதலாகப் போயிருக்கும். ஆகவே ஒவ்வொரு வரியிலும் அளவை வரவுச் சீட்டோடும் விலையை ஆணையோடும் தனித்தனியே ஒப்பிட வேண்டும். விலைக்குப் பைசா முழுமையாக்கலைத் தவிரச் சலுகை தேவையில்லை, அது பேசி முடித்த எண். அளவுக்கு உங்கள் தராசின் பிழை அளவுக்குச் சலுகை தரலாம். அதையும் விழுக்காட்டில் ஓர் உச்சவரம்பு, ரூபாயில் ஓர் உச்சவரம்பு என இரண்டாக வைத்து, எது குறைவோ அதைக் கொள்ளுங்கள். எடைப் பிழை என்றால் சில முறை கூடவும் சில முறை குறையவும் வேண்டும். ஒரு சப்ளையரிடம் மட்டும் எப்போதும் சலுகைக்குள்ளேயே, எப்போதும் உங்களுக்குப் பாதகமாகவே வித்தியாசம் வந்தால் அடுத்த லோடின் எல்லா டிரம்களையும் எடை போடுங்கள்.