மின்மினியின் வயிற்றில் பேட்டரி வேண்டாம்

கேள்வி: குழந்தைகளுக்காக ஒரு சிறுகதை எழுதுகிறேன். மின்மினி ஒன்று, ஒரு குட்டி வண்டுக்குத் தன் ஒளி எப்படி வருகிறது என்று காட்டுகிறது. "என் வயிற்றுக்குள் ஒரு பேட்டரி இருக்கிறது" என்று எழுதினேன். படித்த என் 7 வயது மகன், "அப்ப சார்ஜ் எங்க போடும்?" என்று மடக்கிவிட்டான். தப்பும் இல்லாமல், பாடம் நடத்துவது போலவும் இல்லாமல் இதை எப்படி எழுதுவது?

பதில்: உங்கள் மகன் சரியான இடத்தில்தான் பிடித்திருக்கிறான். அவனுக்கான பதிலுக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்தக் குட்டி வண்டைக் கவனிப்போம்.

வண்டுகளில் 'குட்டி' என்றால் புழுதான். இறக்கையோடு இருக்கும் சின்ன வண்டு அதற்கு மேல் வளராது. ஆனால் கூட்டுப்புழுப் பருவம் முடிந்து அப்போதுதான் வெளியே வந்த வண்டு வெளிறிப்போய், மெத்தென்று இருக்கும். மேலோடு இறுகி நிறம் ஏற நேரம் பிடிக்கும். உங்கள் கதாபாத்திரம் அதுவாக இருக்கட்டும். உலகமே அதற்குப் புதிது, கேள்வி கேட்பது இயல்பாக இருக்கும். இன்னொன்று, மின்மினியும் வண்டு இனம்தான். "அண்ணா" என்று அது கூப்பிட்டால் உறவு சரியாகவே பொருந்துகிறது.

இனி ஒளி. மின்மினியின் அடிவயிற்றுக் கடைசிக் கண்டங்களில் வெளிறிய ஒரு பகுதி இருக்கிறது. அதன் செல்களுக்குள் லூசிஃபெரின் என்ற பொருளும், அதை வினைபுரிய வைக்கும் லூசிஃபெரேஸ் என்ற நொதியும் உண்டு. செல்லின் சக்தியோடு ஆக்சிஜனும் சேர்ந்தால் ஒளி பிறக்கும். வெப்பம் இல்லையென்றே சொல்லலாம். கதையில் இந்தப் பெயர்கள் எதுவும் வேண்டாம். 'சாறு' என்றாலே போதும்.

எனக்குச் சுவையாகப் படுவது அணைந்து எரியும் விதம்தான். பூச்சிக்கு நுரையீரல் கிடையாது. உடலின் பக்கவாட்டுத் துளைகள் வழியே காற்று நுழைந்து, மெல்லிய குழாய்களில் செல்கள் வரை போகிறது. ஒளிச் செல்லின் ஓரத்தில், செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகள் நெருக்கியடித்து நிற்கின்றன. வருகிற ஆக்சிஜனை அவையே தின்றுவிடுவதால் உள்ளே இருக்கும் சாறு இருட்டில் கிடக்கிறது. நரம்பிலிருந்து கட்டளை வந்ததும் அங்கே நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு உண்டாகி, அவற்றைச் சற்று நேரம் நிறுத்தி வைக்கிறது. அந்த இடைவெளியில் ஆக்சிஜன் உள்ளே போய்ச் சேர, பளிச்! ஆய்வாளர்கள் தரும் விளக்கம் இதுதான். மின்மினி மூச்சைப் பிடித்து விடுவதால் மின்னுகிறது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

இதையே கதையில் வைத்தால் ஏறக்குறைய இப்படி வரும்:

"தொட்டுப் பார் தம்பி" என்று வயிற்றைக் காட்டியது மின்மினி. வண்டு பயந்து பயந்து உணர்கொம்பை நீட்டியது.

"சுடவே இல்லையே அண்ணா!"

"நெருப்பு இருந்தால்தானே சுட? உள்ளே ஒரு சாறு இருக்கு. காத்து பட்டா ஒளிரும்."

"காத்து எப்பவும்தான் இருக்கு. அப்புறம் ஏன் அணையுது?"

"வாசல்ல பசிக்காரங்க நிக்கிறாங்க. வர்ற காத்தையெல்லாம் தின்னுடுவாங்க. 'கொஞ்சம் பொறுங்க'ன்னு நான் சொன்னா வாயை மூடிக்குவாங்க. அப்போ..."

பளிச்!

"மறுபடி சொல்லு அண்ணா!"

முதலில் தொடுகை, பிறகு சந்தேகம், பிறகு மின்னல். வண்டு கேட்காத எதையும் மின்மினி விளக்கவில்லை, கவனித்தீர்களா? பாடவாடை வராமல் இருக்க நான் கைக்கொள்ளும் வழி அதுதான். "பசிக்காரங்க" குழந்தைக்கு வேடிக்கை. பெரியவனாகி மைட்டோகாண்ட்ரியா பற்றிப் படிக்கும்போதும் அது பொய்யாகிவிடாது. பேட்டரி அப்படியல்ல, பின்னால் அதை மறக்கடிக்க வேண்டியிருக்கும்.

வழி பார்க்கத்தான் மின்மினி விளக்கேற்றுகிறது என்று கதையில் எங்காவது வந்திருந்தால் அதையும் வெட்டிவிடுங்கள். மின்னும் இனங்களில் பறக்கிற ஆண் தன் இனத்துக்குரிய தாளத்தில் மின்னும். புல்லில் உட்கார்ந்திருக்கும் பெண், அதற்கென்று உள்ள இடைவெளி விட்டுப் பதிலுக்கு மின்னும். கதைக்கு முடிவு தேடுகிறீர்கள் என்றால் இதைப் பயன்படுத்தலாம்: அண்ணன் இன்னொரு முறை மின்னிக் காட்ட, கீழே புல்லுக்குள்ளிருந்து ஒரு மின்னல். "அது யாரு?" என்று வண்டு கேட்கும்போது அண்ணன் பக்கத்தில் இருக்க மாட்டான்.

சரி, சார்ஜ். பல இனங்களில் வளர்ந்த மின்மினி அவ்வளவாகச் சாப்பிடுவதில்லை. புழுவாக இருந்தபோது நத்தை, மண்புழு என்று வேட்டையாடித் தின்றதே பெரும்பாலும் அதன் சேமிப்பு. உங்கள் மகனிடம், "நத்தையில சார்ஜ் போடும்" என்று தாராளமாகச் சொல்லலாம்.