கேள்வியை மாற்றிய ஆண்டில் போக்கை எப்படிப் படிப்பது?

"குடும்பங்களின் உணவுச் செலவை ஆண்டுதோறும் நேரில் சென்று, கடந்த 30 நாள் கணக்காகக் கேட்டுவந்தோம். இந்த ஆண்டு தொலைபேசியில், கடந்த 7 நாள் கணக்காகக் கேட்டோம். மாதச் சராசரி 18 சதவீதம் உயர்ந்திருக்கிறது. பழைய ஆண்டுகளோடு ஒரே கோட்டில் இணைக்கலாமா?"

இப்போதைக்கு இணைக்காதீர்கள். அந்த 18 சதவீதத்தில் பெரும்பகுதி கேள்வியால் வந்ததாகவே இருக்கலாம். 1990களின் நடுவில் தேசிய மாதிரி ஆய்வு அமைப்பு குடும்பங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியிடம் 30 நாள் கணக்கையும் மறு பாதியிடம் 7 நாள் கணக்கையும் கேட்டது. 7 நாள் கேள்வியில் உணவுச் செலவு ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதலாகப் பதிவானது.

அடுத்து 1999-2000 சுற்றில், ஒரே குடும்பத்திடம் இரண்டு கேள்விகளும் அருகருகே கேட்கப்பட்டன. ஒரு பதில் மற்றதைத் தன் பக்கம் இழுத்தது; இரண்டும் நெருங்கிவிட்டன. அந்தச் சுற்றின் 30 நாள் எண்ணையும் முந்தைய சுற்றோடு நேரடியாக ஒப்பிட முடியாமல் போனது. வறுமை இந்தச் செலவுக் கணக்கிலிருந்தே அளக்கப்படுவதால், அது உண்மையில் எவ்வளவு குறைந்தது என்பதில் பொருளாதார அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் வாதிட்டார்கள். ஆகவே ஒரே வீட்டில் இரண்டையும் கேட்கவே கூடாது.

உங்களுக்கு இன்னும் வழி இருக்கிறது. இந்த ஆண்டின் பட்டியலைத் தயாரித்த அதே முறையில் புதிதாக 600 குடும்பங்களை எடுத்து, குலுக்கலில் இரண்டாகப் பிரியுங்கள். பாதிப் பேரிடம் பழையபடி நேரில் 30 நாள், மீதிப் பேரிடம் தொலைபேசியில் 7 நாள். மாவட்டவாரியாகவோ களப்பணியாளர்வாரியாகவோ பிரித்தால் எல்லாம் வீண். தொலைபேசி இல்லாத வீடுகளும் குலுக்கலில் இருக்க வேண்டும். தொலைபேசிப் பிரிவில் அவை விடுபடுவதும் முறை மாற்றத்தின் விளைவுதான். பண்டிகை மாதம் வேண்டாம்.

ஓர் எடுத்துக்காட்டு: பழைய முறையில் சராசரி 9,000 ரூபாய், புதிய முறையில் 10,350 என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 1.15. உங்கள் 1.18-ஐ இதனால் வகுத்தால் உண்மையான உயர்வு 3 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. ஆனால் 300 வீடுகளில் கிடைத்த விகிதத்துக்கும் பிழை உண்டு. வீட்டுக்கு வீடு செலவின் திட்ட விலக்கம் சராசரியில் பாதி என்றால், அந்த 1.15 என்பது 1.06 முதல் 1.24 வரை எங்கும் இருக்கலாம். அதாவது செலவு 5 சதவீதம் குறைந்திருக்கலாம், 11 சதவீதம் கூடியிருக்கலாம். இந்த அகலத்தை மறைத்து 3 சதவீதம் என்று மட்டும் அறிக்கையில் எழுதுவது வாசகரை ஏமாற்றுவது.

இந்த 600 குடும்ப ஆய்வை நடத்தப் பணமில்லையென்றால், வரைபடத்தில் கோட்டை முறித்து, இந்த ஆண்டைப் புதிய தொடரின் தொடக்கமாகக் காட்டி, காரணத்தைப் படத்தின் அடியிலேயே எழுதுங்கள்.

ஒரே விகிதத்தை ஏழை, வசதியான குடும்பங்கள் இரண்டுக்கும் போட்டுவிடாதீர்கள். வாரச் சந்தையில் வாங்குபவரும் மாதம் ஒருமுறை மளிகை வாங்குபவரும் 7 நாள் கேள்விக்கு ஒரே மாதிரி பதில் சொல்வதில்லை.