ரிப்பிளா, லுக்அஹெட்டா? ஒன்பது கேட் கணக்கும் சில சந்தேகங்களும்

பெங்களூரில் டிஜிட்டல் லாஜிக் லேப் செய்யும் மாணவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. எல்லாமே 4-பிட் ஆடரைச் சுற்றியே வந்திருப்பதால் ஒரே கணக்கில் கோத்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

4-பிட் ரிப்பிள் ஆடரில் C4 வர எத்தனை கேட் தாமதம்? என் ரெக்கார்டில் 9, பக்கத்து பேட்சில் 8, டியூஷனில் 10. எது சரி? (அல்சூர்)

மூன்றும் சரிதான். ஆனால் மூன்றும் ஒரே சுற்றைப் பற்றியவை அல்ல, ஒரே விதியில் எண்ணப்பட்டவையும் அல்ல. விதியை முதல் வரியில் எழுதாமல் விடைக்கு வந்தால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள்.

லேபில் வழக்கமாகக் கட்டுவது இரண்டு ஹாஃப் ஆடர் சேர்ந்த ஃபுல் ஆடர்: P = A⊕B, G = AB, Cout = G + P·Cin. எந்த கேட்டாக இருந்தாலும் தாமதம் 1 என்று வைத்து எண்ணுவோம். எல்லா பிட்டுகளின் P, G இரண்டும் நேரம் 1-லேயே தயார், ஏனென்றால் அவை யாருக்காகவும் காத்திருப்பதில்லை. P0·C0 நேரம் 2-ல் வரும். அதை ஆர் செய்து C1 நேரம் 3-ல் வரும். அதற்குப் பிறகு ஒவ்வொரு பிட்டுக்கும் ஓர் ஆண்ட், ஓர் ஆர், ஆக இரண்டிரண்டு கூடும். C2 5-ல், C3 7-ல், C4 9-ல். பொதுவாக n பிட்டுக்கு 2n+1. கடைசி கூட்டல் பிட் S3 வர C3-க்குப் பின் ஓர் எக்ஸ்-ஆர் மட்டும் போதும் என்பதால் அது 8-லேயே வந்துவிடும். கேரிதான் கடைசியில் வருகிறது.

பக்கத்து பேட்ச் கேரியை AB + BC + CA என்று கட்டியிருப்பார்கள். அங்கே கேரியின் பாதையில் எக்ஸ்-ஆரே இல்லை, ஆகவே பிட்டுக்கு 2 வீதம் 8. டியூஷனில் எக்ஸ்-ஆருக்கு 2 என்று எண்ணியிருப்பார்கள். P நேரம் 2-ல் வரும், C4 10-ல் வரும். இனி வரும் பதில்களில் எல்லா கேட்டுக்கும் 1 என்ற விதியையே பிடித்துக்கொள்வோம்.

அந்த 9-ஐ வெரிலாக் சிமுலேஷனில் காட்டப் பார்த்தேன். 1111 + 1111 கொடுத்தால் C4 நேரம் 2-லேயே வந்துவிடுகிறது. கோட் தப்பா? (கே.ஆர். புரம்)

கோட் சரி, கொடுத்த எண்கள்தான் பிழை. பெரிய எண்கள்தான் மெதுவாகக் கூடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் 1111 + 1111-ல் எல்லா G-யும் 1. ஒவ்வொரு பிட்டும் தன் கேரியைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது, கீழ் பிட்டைக் கேட்பதே இல்லை. ஆண்ட் 1, ஆர் 2, முடிந்தது.

கேரி முழு நீளமும் ஓட வேண்டுமென்றால் எல்லா P-யும் 1 ஆக இருக்க வேண்டும். அதிலும் 8 அல்ல, முழு 9 வர வேண்டுமென்றால் P0-வே கடைசி நேரத்தில் மாற வேண்டும். B = 0000, C0 = 1 என்று நிறுத்திவையுங்கள். A = 1110 கொடுத்து எல்லாம் அடங்கிய பிறகு A0-வை மட்டும் 1 ஆக்குங்கள். கூட்டுத்தொகை 15-லிருந்து 16 ஆகும், S3 எட்டாவது கேட் தாமதத்தில் விழும், C4 ஒன்பதாவதில் எழும். ஃபுல் ஆடருக்கு இவ்வளவு போதும்:

```verilog
xor #1 (p, a, b);
and #1 (g, a, b);
and #1 (t, p, cin);
or  #1 (cout, g, t);
xor #1 (s, p, cin);
```

`#1` இல்லாமல் ஓட்டினால் ரிப்பிளும் லுக்அஹெட்டும் ஒரே கணத்தில் விடை தரும். அதை வைத்து ஒப்பிட எதுவும் இல்லை.

லுக்அஹெட்டில் C4 மூன்றே கேட் தாமதம் என்கிறார்கள். 7408, 7432 வைத்து பிரெட்போர்டில் கட்டினேன். எண்ணிப் பார்த்தால் எனக்கும் 9-தான் வருகிறது. பத்து ஐசி மாட்டியதற்கு இதுதான் பலனா? (விவேக் நகர்)

வந்ததிலேயே நல்ல கேள்வி இது. விரித்து எழுதினால் C4 இப்படி இருக்கும்:

```
C4 = G3 + P3G2 + P3P2G1 + P3P2P1G0 + P3P2P1P0C0
```

மூன்று என்ற கணக்கில் P, G-க்கு 1, ஆண்டுகளுக்கு 1, ஆருக்கு 1. அந்த ஆண்ட் ஐந்து உள்ளீடு கொண்டது, ஆரும் ஐந்து உள்ளீடு கொண்டது என்பதைக் கணக்கு சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டுவிடுகிறது. உங்கள் கையில் இருப்பதோ இரண்டு உள்ளீடு கேட்.

நீங்கள் கட்டியதைப் பின்தொடர்வோம். கடைசி உறுப்பில் P3·P2 நேரம் 2-ல், அத்துடன் P1 சேர 3, P0 சேர 4, C0 சேர 5. அடுத்தது ஆர் சங்கிலி. பெரும்பாலோர் நீளமான உறுப்பிலிருந்து தொடங்கி வலமிருந்து இடமாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். 5-ல் வந்த கடைசி உறுப்புடன் P3P2P1G0 சேர 6, P3P2G1 சேர 7, P3G2 சேர 8, G3 சேர 9. ரிப்பிளின் அதே 9. லுக்அஹெட் என்று பெயர் வைத்துவிட்டு உள்ளே வேறொரு ரிப்பிளைக் கட்டியிருக்கிறீர்கள்.

ஒரு கேட்டைக்கூட மாற்றாமல் ஆர் சங்கிலியின் வரிசையை மட்டும் திருப்புங்கள். G3 நேரம் 1-ல், P3G2 நேரம் 2-ல் தயார், இரண்டையும் முதலில் ஆர் செய்தால் 3. P3P2G1 நேரம் 3-ல் வந்து சேர 4. P3P2P1G0 நேரம் 4-ல் வந்து சேர 5. கடைசி உறுப்பு 5-ல் வந்து சேர 6. ஒவ்வொரு உறுப்பும் சங்கிலி தன்னிடம் வந்து சேரும் அதே கணத்தில் தயாராகிறது, யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. பஸ் ஸ்டாப்பில் தாமதமாக வருகிறவரைக் கடைசி நிறுத்தத்தில் ஏற்றிக்கொள்வது போல. 9 இங்கே 6 ஆகிறது.

ஐசி எண்ணிக்கையையும் பார்த்துவிடுவோம். ரிப்பிளுக்கு 8 எக்ஸ்-ஆர், 8 ஆண்ட், 4 ஆர்: 7486 இரண்டு, 7408 இரண்டு, 7432 ஒன்று, மொத்தம் 5. இரண்டு உள்ளீடு லுக்அஹெட்டில் P3P2, P3P2P1 போன்ற பொதுப் பகுதிகளை ஒருமுறை மட்டும் கட்டிப் பகிர்ந்தாலும் 20 ஆண்ட், 10 ஆர், 8 எக்ஸ்-ஆர் தேவை. 7408 ஐந்து, 7432 மூன்று, 7486 இரண்டு, ஆக 10. ஐசி இரட்டிப்பானதற்கு 9 என்பது 6 ஆனது. நான்கு பிட்டில் இது நல்ல வியாபாரமா என்றால், எங்கள் கருத்தில் இல்லை. ஆனால் ரெக்கார்டில் இதை எழுதினால் வெறும் "3 < 9" என்று எழுதுவதைவிட மதிப்பெண்ணுக்கு உகந்தது.

ஸ்கோப்பில் இந்த வித்தியாசம் தெரியவே இல்லை. லேபில் 20 மெகா ஹெர்ட்ஸ் ஸ்கோப்தான். (ஜாலஹள்ளி)

தெரியாது. 0.35-ஐ பேண்ட்விட்த்தால் வகுத்தால் ஸ்கோப்பின் சொந்த எழுச்சி நேரம் கிடைக்கும், இங்கே 17.5 நானோ செகண்ட். ஒரு 74LS கேட்டின் தாமதம் அதைவிடக் குறைவு. நேரத்தை அளக்காமல் அதிர்வெண்ணை அளங்கள்.

A = 1111, B = 0000 என்று நிரந்தரமாகக் கட்டிவிடுங்கள். C4-ஐ 74LS04-ன் ஒரே ஒரு இன்வெர்ட்டர் வழியாக C0-வுக்குத் திருப்புங்கள். C0 எழுந்தால் C4 எழும், இன்வெர்ட்டர் C0-வைத் தாழ்த்தும், பிறகு எதிர்ப்பக்கம். சுற்று தானாக ஆடத் தொடங்கும். வளையத்தின் தாமதம் T என்றால் அதிர்வெண் 1/(2T). P-க்கள் மாறாததால் எக்ஸ்-ஆர் கணக்கில் வராது, C0-விலிருந்து C4 வரையிலான பாதை மட்டும் அளக்கப்படும்.

டேட்டாஷீட்டின் வழக்கமான மதிப்புகளாக 74LS08-க்குச் சுமார் 9, 74LS32-க்கு 14, இன்வெர்ட்டருக்கு 10 நானோ செகண்ட் எடுத்துக்கொள்வோம். ரிப்பிளில் நான்கு ஆண்ட், நான்கு ஆர், ஓர் இன்வெர்ட்டர்: 102, அதாவது சுமார் 4.9 மெகா ஹெர்ட்ஸ். முந்தைய கேள்வியின் தவறான வரிசை லுக்அஹெட்டில் C0 ஓர் ஆண்டையும் நான்கு ஆரையும் கடக்கிறது: 75, சுமார் 6.7 மெகா ஹெர்ட்ஸ். திருப்பிய வரிசையில் ஓர் ஆண்ட், ஓர் ஆர் மட்டும்: 33, சுமார் 15 மெகா ஹெர்ட்ஸ். பிரெட்போர்டின் கெப்பாசிட்டன்ஸ் எல்லாவற்றையும் கொஞ்சம் கீழே இழுக்கும், மூன்றுக்கும் உள்ள விகிதம் ஓரளவு அப்படியே நிற்கும். 15 மெகா ஹெர்ட்ஸில் சதுர அலை சைன் போல உருண்டு தெரிந்தால் கவலை வேண்டாம், நமக்குத் தேவை அதிர்வெண் மட்டுமே.

ஆடவே இல்லையென்றால் முதலில் B உள்ளீடுகளைப் பாருங்கள். தரையில் கட்டாமல் தொங்கவிட்ட டிடிஎல் உள்ளீடு தன்னை 1 என்றே நினைத்துக்கொள்ளும், அப்போது G = 1 ஆகி C4 நிரந்தரமாக 1-ல் நின்றுவிடும். அதிர்வெண் கண்டபடி தாவினால் ஒவ்வொரு ஐசியின் சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் வையுங்கள். எஸ்.பி. ரோடில் ஐசி வாங்கப் போகும்போதே பத்துப் பதினைந்து சேர்த்து வாங்கிக்கொள்வது நல்லது.

P-க்கு எக்ஸ்-ஆர் பதிலாக ஆர் போட்டால் போதும் என்று சீனியர் சொன்னார். செய்தேன், 1 + 1 = 3 வருகிறது. (சிவாஜி நகர்)

கேரிக்கு மட்டும் போதும். A, B இரண்டும் 1 ஆனால் G எப்படியும் கேரியைத் தந்துவிடும், ஆகவே P அங்கே 1 என்று சொன்னாலும் தீங்கில்லை. ஆனால் S = P⊕C-யில் அதே ஆரைப் பயன்படுத்தினால் S0 = 1 ஆகி, C1 காரணமாக S1-உம் 1 ஆகி, 0011 வரும். கூட்டலுக்கு எக்ஸ்-ஆரைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

7483 என்ற 4-பிட் ஆடர் ஐசி மாட்டியதும் சுடுகிறது. (அல்சூர்)

பின் 16-ல் சப்ளை, 8-ல் கிரவுண்ட் கொடுத்திருப்பீர்கள். 7483-ல் சப்ளை பின் 5, கிரவுண்ட் பின் 12. மூலையில் சப்ளை வேண்டுமென்றால் 74283 வாங்குங்கள், பின் வரிசை வேறு, வேலை அதே. 74LS283-ன் உள்ளே நான்கு பிட்டுக்கும் முழு லுக்அஹெட் இருக்கிறது. C0-விலிருந்து C4-க்கு வழக்கமாக 11 முதல் 15 நானோ செகண்ட்.

அப்படியானால் நான்கு 74283-ஐ வரிசையாக இணைத்து 16 பிட் செய்தால் அது ரிப்பிளா, லுக்அஹெட்டா? (கே.ஆர். புரம்)

உள்ளே லுக்அஹெட், வெளியே ரிப்பிள். பல உள்ளீடு கேட் இருப்பதாக வைத்து எண்ணினால் C4 3-ல், C8 5-ல், C12 7-ல் வரும். கடைசி ஐசியின் உள்ளே C15 9-ல், S15 10-ல். வெறும் ரிப்பிளில் S15-க்கு 32 ஆகும்.

74182 போல இரண்டாம் நிலை லுக்அஹெட் வைத்தால் தொகுதியின் G நேரம் 3-ல் வரும், C4, C8, C12 மூன்றும் ஒன்றாக 5-ல் வரும், C15 7-ல், S15 8-ல். 10-லிருந்து 8-க்கு இறங்க ஒரு ஐசி கூடுதல். 16 பிட்டில் இந்த லாபம் சிறிதுதான். 64 பிட்டுக்குப் போனால் தொகுதி வரிசையில் S63 நேரம் 34-ல் வரும், மூன்று நிலை லுக்அஹெட்டில் 12-ல். 74283-ஐ 74182-உடன் நேரடியாக இணைக்க முடியாது என்பதையும் கவனியுங்கள்: 74283 தொகுதியின் P, G-யை வெளியே தருவதில்லை. அதற்கு 74181 வேண்டும்.