வெள்ளை மெத்தைக்கு வேண்டியது நிழல்

கேள்வி: இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் செய்து ஆன்லைனில் விற்கிறோம். உறை வெள்ளைத் துணி. போனில் படம் எடுத்தால் எல்லாம் வெள்ளை அட்டை மாதிரி இருக்கிறது. அமுங்குகிற மென்மை தெரியவில்லை, நெசவு தெரியவில்லை, ஓரத் தையலும் தெரியவில்லை. இன்னும் இரண்டு டியூப்லைட் போட்டும் அப்படியேதான். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அறையிலுள்ள எல்லா டியூப்லைட்டையும் அணைத்துவிடுங்கள். துணியில் ஒரு மேடு இருப்பது கண்ணுக்குத் தெரிவதே அதன் ஒரு பக்கம் வெளிச்சமாகவும் மறுபக்கம் சற்று இருட்டாகவும் இருப்பதால்தான். நாலா பக்கமும் விளக்கு எரிந்தால் அந்தச் சின்ன நிழல்கள் எல்லாம் கரைந்துபோகும். விளக்கைக் கூட்டியும் பலன் கிடைக்காதது அதனால்தான்.

ஒரே ஒரு ஜன்னல் போதும். நேர் வெயில் விழுந்தால் அதன்மேல் ஒரு வெள்ளை வேட்டியை ஒற்றையாக விரித்துக் கட்டுங்கள். பெரும்பாலும் பிழை நடப்பது மெத்தையைத் தரையில் போடுவதில். தரைக்கு வரும் வெளிச்சம் மேலிருந்து இறங்குவதால் புடைப்புகளின் நிழல் குறுகிவிடும். மேசைகளை இணைத்துப் போட்டு, மெத்தையின் மேற்பரப்பை ஜன்னலின் கீழ்விளிம்பு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். ஜன்னலிலிருந்து 4 அடி தள்ளி வைத்தால் வெளிச்சம் துணியைத் தடவிக்கொண்டு போகும்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, மெத்தையின் நடுவில் ஒரு பென்சிலை நிறுத்துங்கள். நிழல் பென்சிலின் உயரமே இருந்தால் வெளிச்சம் இன்னும் மேலிருந்து வருகிறது. இரண்டு மடங்கு நீளம் இருந்தால் எடுக்கத் தொடங்கலாம். நீளம் போதாவிட்டால் ஜன்னலின் மேல்பாதியைப் போர்வையால் மூடுங்கள். எதிர்ப்புறச் சுவர் வெள்ளையாக இருந்தால் அதுவும் ஒரு விளக்குதான். வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி நிழலை அழித்துவிடும். அங்கே ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே படத்தில் பாதி வித்தியாசம் தெரியும்.

நீங்கள் கேட்ட மூன்றும் ஒரே படத்தில் வராது. தனித்தனியாக எடுங்கள்.

மென்மையைக் காட்டக் கையால் அமுக்க வேண்டும். முஷ்டியால் குத்தினால் குழிதான் தெரியும். உள்ளங்கையை விரித்து வைத்து, தோளிலிருந்து பாரம் கொடுத்து, ஓரிரு அங்குலம் இறங்கும்வரை அமுக்குங்கள். கை ஜன்னலுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வரட்டும். ஜன்னல் பக்கமிருந்து நீட்டினால் கையின் நிழல் பள்ளத்தின் மேலேயே விழுந்து, சரிவு தெரியாமல் போகும். இலவம்பஞ்சு ஃபோம் போல உடனே எழும்பாது. அதனால் முதல் நாளே மெத்தையை வெயிலில் காய வைத்து உப்பவிட்டு, கேமராவை முழுக்கத் தயார் செய்தபின் முதல் அமுக்கலிலேயே எடுத்துவிடுங்கள். படத்துக்காகத் தலையணையில் மட்டும் கூடுதல் பஞ்சு திணிக்காதீர்கள். வாங்கியவர் கையில் அது மெலிந்திருந்தால் திரும்பித்தான் வரும்.

நெசவுக்கு வெளிச்சம் இன்னும் தாழ்வாக வர வேண்டும். பென்சில் நிழல் மூன்று மடங்கு வரை போகலாம். துணியில் வரி ஓடினால் வெளிச்சம் வரிக்குக் குறுக்கே வரும்படி மெத்தையைத் திருப்புங்கள். வரியோடு சேர்ந்து ஓடும் வெளிச்சத்தில் நெசவு மறைந்துவிடும். எடுத்த படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். துணியில் இல்லாத அலைகளோ வானவில் கோடுகளோ தெரிந்தால், இழைகளின் வரிசையும் சென்சாரின் புள்ளி வரிசையும் மோதியிருக்கின்றன என்று பொருள். எடிட்டிங்கில் அது எளிதில் போகாது. போனை அரை அடி முன்னோ பின்னோ நகர்த்தி மறுபடி எடுப்பதுதான் வழி.

ஓரத்துக்கு, மெத்தையின் ஒரு மூலை உங்களைப் பார்க்கட்டும். ஒரு பக்கம் வெளிச்சத்திலும் மறுபக்கம் நிழலிலும் இருக்கும்போதுதான் பைப்பிங்கும் தையலும் கோடாக எழுந்து நிற்கும். போனைப் பக்கவாட்டுத் துணியின் உயரத்துக்குத் தாழ்த்தி, 6 அடி பின்னால் போய் 2x-இல் எடுங்கள். கிட்டே போனால் நேரான ஓரமும் வளைந்து தெரியும். பிசிறு நூலை முன்பே கத்தரித்துவிடுங்கள்.

போனில் ஒரு கவனம் வேண்டும். HDR இருந்தால் அணையுங்கள். நீங்கள் பாடுபட்டு வரவைத்த நிழலை அது தூக்கிவிடும். மெத்தையின் மிக வெளிச்சமான இடத்தைத் திரையில் விரலால் அழுத்திப் பிடித்து, வெளிச்ச அளவைப் பூட்டுங்கள். திரையில் படம் சற்று இருட்டாகத் தெரிந்தால் பரவாயில்லை, வெளிச்சத்தைப் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம். வெளுத்துப்போன இடத்தில் நெசவை மீட்க முடியாது. எடிட் செய்யும்போது மெத்தையின் மிக வெளிச்சமான இடம் முழு வெள்ளையான 255-க்குப் போகாமல் 240 அளவில் நிற்கட்டும்.

அமேசானில் முதல் படத்துக்குத் தூய வெள்ளைப் பின்னணி, அதாவது 255, 255, 255 கேட்பார்கள். அதற்காக வெள்ளைச் சுவர் முன் எடுத்தால் ஓரம் சுவரோடு கலந்துவிடும். வெளிர் சாம்பல் துணி முன் எடுத்து, எடிட்டிங்கில் படத்திலிருந்து மெத்தையை மட்டும் வெட்டி வெள்ளையில் வையுங்கள். வெட்டும்போது அடியில் விழும் மெல்லிய நிழலை விட்டுவைத்தால் மெத்தை அந்தரத்தில் மிதக்காது.