மஸ்கட்டுக்கு அப்போஸ்டில், துபாய்க்கு அட்டெஸ்டேஷன்

வணக்கம் அம்மா. உங்கள் மகன் பி.இ. மெக்கானிக்கல் முடித்து துபாயில் வேலை உறுதியாகியிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் போன வருடம் மஸ்கட் போகும்போது டிகிரி சான்றிதழில் அப்போஸ்டில் போட்டுக்கொண்டு போனான், அதனால் நாமும் அதையே போட்டுவிடலாம் என்று ஏஜென்டும் சொல்கிறார், சரிதானா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள். அந்தப் பையனுக்குச் சரியாக இருந்தது உங்கள் மகனுக்குச் செல்லாது.

காரணம் இதுதான். அப்போஸ்டில் என்பது 1961-இல் ஹேக் நகரில் உருவான ஓர் உடன்படிக்கையின்படி ஒட்டப்படும் முத்திரை. அந்த உடன்படிக்கையில் இருக்கும் நாடுகள் ஒன்றின் ஆவணத்தை மற்றொன்று ஒரே முத்திரையில் ஏற்றுக்கொள்ளும். தூதரகத்துக்குப் போக வேண்டியதில்லை. இந்தியாவில் இது 2005 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஓமன் 2012-லிருந்து அதில் இருக்கிறது. அதனால்தான் மஸ்கட் போன பையனுக்கு வேலை அதோடு முடிந்தது. சவூதியும் 2022 டிசம்பரிலிருந்து அதில் சேர்ந்துவிட்டது. ஐக்கிய அரபு அமீரகம் அதில் இல்லை. அங்கே பழைய முறைப்படி ஒவ்வொரு படியாக அட்டெஸ்டேஷன் செய்து, இந்தியாவில் கடைசியாக அமீரகத் தூதரகத்தின் முத்திரையும் வாங்க வேண்டும். குவைத், கத்தார் போகிறவர்களுக்கும் தூதரகப் படி உண்டு.

எந்த நாடு எந்தப் பக்கம் என்பதை ஏஜென்டிடம் கேட்க வேண்டியதில்லை. ஹேக் மாநாட்டின் இணையதளத்தில் (hcch.net) அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கும் நாடுகளின் அட்டவணை இருக்கிறது. அதில் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. இந்தியாவின் சேர்க்கைக்கு அந்த நாடு ஆட்சேபம் தெரிவித்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஜெர்மனி அப்படி ஆட்சேபம் தெரிவித்த நாடு. பட்டியலில் பெயர் இருக்கிறது என்று நம்பி ஜெர்மனிக்கு அப்போஸ்டில் போட்டுக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் மகன் போக வேண்டிய வரிசை. முதலில் பல்கலைக்கழகம்: சான்றிதழ் அவர்கள் கொடுத்ததுதான் என்ற உண்மைத்தன்மைச் சரிபார்ப்பு. அடுத்தது மாநில அரசின் உயர்கல்வித் துறை. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் என்றால் சென்னைத் தலைமைச் செயலகம். அதற்கு அப்புறம் மத்திய வெளியுறவு அமைச்சகம். பிறகு அமீரகத் தூதரகம். கடைசிப் படி அமீரகத்தின் வெளியுறவு அமைச்சகம்.

ஏன் இந்த வரிசையை மாற்ற முடியாது என்று பலர் கேட்பார்கள். ஒவ்வொரு அலுவலகமும் பார்ப்பது உங்கள் மகனின் மதிப்பெண்ணை அல்ல, தனக்கு முந்தைய அலுவலகத்தின் கையெழுத்தை. பல்கலைக்கழகப் பதிவாளரின் கையெழுத்து எப்படி இருக்கும் என்று வெளியுறவு அமைச்சகத்துக்குத் தெரியாது. மாநில அரசு அதிகாரியின் மாதிரிக் கையெழுத்துதான் அவர்களிடம் இருக்கும். அதோடு ஒப்பிட்டுப் பார்த்து முத்திரை போடுவார்கள். தூதரகம் வெளியுறவு அமைச்சகத்தின் கையெழுத்தைப் பார்க்கும். நடுவில் ஒரு படியைத் தாண்டினால் அடுத்தவருக்கு ஒப்பிட எதுவும் இருக்காது. கவுன்டரிலேயே திருப்பித் தந்துவிடுவார்கள்.

இன்னொன்றைக் கவனியுங்கள். மாநிலப் படி, சான்றிதழ் எந்த மாநிலத்தில் வழங்கப்பட்டதோ அங்கேதான். உங்கள் வீடு தென்காசியில் இருந்தாலும், மகன் பெங்களூரில் படித்திருந்தால் கர்நாடக அரசிடம்தான் போக வேண்டும். இந்தப் படியில்தான் அதிக நாள் பிடிக்கும், ஏனென்றால் பல்கலைக்கழகத்திடமிருந்து பதில் வர வேண்டும். ஆஃபர் லெட்டர் கையில் வந்த அன்றே இதைத் தொடங்கச் சொல்லுங்கள்.

வெளியுறவு அமைச்சகம் பொதுமக்களிடமிருந்து நேரடியாக ஆவணம் வாங்குவதில்லை. அவர்கள் நியமித்த சேவை நிறுவனங்கள் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியல் அமைச்சகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. டெல்லிக்குப் போக வேண்டியதில்லை, சென்னையிலேயே கொடுக்கலாம். அமைச்சகத்தின் கட்டணம் அப்போஸ்டிலுக்கு ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய். சாதாரண அட்டெஸ்டேஷனுக்குக் கட்டணம் இல்லை. சேவை நிறுவனத்தின் கட்டணம் தனி. ஏஜென்ட் மொத்தமாக ஒரு தொகை சொன்னால், அதில் அரசுக்கு எவ்வளவு, தூதரகத்துக்கு எவ்வளவு, தனக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

முத்திரை வாங்கப் போகும் முன் சான்றிதழை எடுத்து மேஜையில் வைத்து இரண்டு விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, லேமினேஷன். முத்திரையும் ஸ்டிக்கரும் சான்றிதழின் பின்பக்கத் தாளில்தான் விழ வேண்டும். பிளாஸ்டிக் மேல் போட மாட்டார்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று அன்போடு லேமினேட் செய்துவைத்த அப்பா ஒருவர், அதை வீட்டில் இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் பிரிக்கப் பார்த்தார். பிளாஸ்டிக்கோடு எழுத்தின் மையும் உரிந்து, பதிவாளரின் கையெழுத்தில் பாதிதான் தாளில் மிஞ்சியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என் முன்னால் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. உங்கள் சான்றிதழும் லேமினேட் ஆகியிருந்தால் தயவுசெய்து நீங்களே பிரிக்காதீர்கள். பல்கலைக்கழகத்தில் டூப்ளிகேட் டிகிரி சான்றிதழுக்கு விண்ணப்பிப்பதுதான் பாதுகாப்பு.

இரண்டாவது, பெயர். நம் ஊரில் டிகிரியில் 'கார்த்திக் எஸ்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, குடும்பப் பெயர் இடத்தில் 'செல்வராஜ்' என்று இருக்கும். இனிஷியலும் அதன் விரிவும் மட்டும்தான் வித்தியாசம் என்றால், இருவரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம் போதுமா என்று நிறுவனத்தின் மனிதவளப் பிரிவை மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். எழுத்துப் பிழையே இருந்தால், முதல் முத்திரைக்கு முன்பே பல்கலைக்கழகத்தில் திருத்தி வாங்க வேண்டும். பிறகு திருத்தினால் புதுத் தாள் வரும். பழைய தாளில் வாங்கிய முத்திரை அத்தனையும் வீண், மறுபடி முதலிலிருந்து.

அதே மின்னஞ்சலில் டிகிரி மட்டும் போதுமா, மதிப்பெண் பட்டியலும் வேண்டுமா என்றும் கேட்கட்டும். பொதுவாகப் பட்டமளிப்புச் சான்றிதழைத்தான் கேட்பார்கள், தற்காலிகச் சான்றிதழை அல்ல.

உங்கள் மகள் கனடாவில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறாள், அவள் சான்றிதழையும் சேர்த்தே முடித்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்கு வழக்கமாக இதைக் கேட்பதில்லை. கல்வித் தகுதி மதிப்பீட்டு நிறுவனங்கள் மதிப்பெண் விவரத்தை உங்கள் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்பச் சொல்வதுதான் வழக்கம். கேட்காத முத்திரைக்குச் செலவு செய்யாதீர்கள்.

அசல் சான்றிதழ் கையை விட்டுப் போகும் முன் இரண்டு பக்கமும் வண்ணத்தில் ஸ்கேன் செய்து வையுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். ஒவ்வொரு படி முடிந்ததும் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, எந்த அலுவலகத்தின் முத்திரை என்று நீங்களே படித்துப் பாருங்கள். அமீரகத் தூதரக முத்திரை விழுந்த பிறகுதான் மகன் விமானம் ஏற வேண்டும். அங்கே எஞ்சியிருக்கும் வெளியுறவு அமைச்சகப் படிக்கு 150 திர்ஹாம் ஆகும். பெரும்பாலும் நிறுவனத்தின் ஆளே பார்த்துக்கொள்வார். அந்தச் செலவு யாருடையது என்பதையும் மின்னஞ்சலில் ஒரு வரி கேட்டுவிடுங்கள்.